கால் கட்டைவிரலில் ஒரு வருடத்துக்கு மேல் தீராத நகப்புண்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 21. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. லாரி உள்ளே வந்ததும் கன்டெய்னர் எண்ணைச் சரிபார்த்து, சீலைப் பார்த்து, எந்த வரிசையில் இறக்குவது என்று காட்டவேண்டும். 12 மணி நேர ஷிப்டில் பெரும்பகுதி நின்றபடிதான். காலில் இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூ இல்லாமல் யார்டுக்குள் விடமாட்டார்கள். தண்டையார்பேட்டையில் உள்ள என் கிளினிக்குக்கு அவர் வந்தபோது வலது காலில் செருப்பின் முன்வாரை அறுத்துவிட்டு, குதிகாலால் ஊன்றி நடந்து வந்தார். கூட அவருடைய அம்மா. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறவர். அம்மாவின் இடது கைக் கட்டைவிரலில் ஒரு துணிச் சுற்று இருந்தது. அதைப் பற்றியும் பின்னால் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த இரண்டு விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த நோய் புரியும்.

இருவரிடமும் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த கதை

தொடக்கம் சாதாரணமானது. புது ஷூ போட்ட சில வாரங்களில் வலது கால் கட்டைவிரலின் ஒரு மூலை, அதாவது இரண்டாவது விரலை ஒட்டிய பக்கம், உறுத்த ஆரம்பித்தது. நகத்தின் மூலை குத்துகிறது என்று நினைத்து, பிளேடால் அந்த மூலையைச் சரிவாக ஆழத்தில் வெட்டினார். இரண்டு நாள் நிம்மதி. அப்புறம் சிவந்து வீங்கியது.

மருந்துக்கடையில் ஒரு களிம்பும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்தார்கள். வீக்கம் கொஞ்சம் வற்றியது. மாத்திரை முடிந்த ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. வேறு மாத்திரை; அதே கதை. மூன்று மாதத்தில் மூன்று சுற்று ஆனபிறகு, ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து நகத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். புண் ஆறியது. ஏழெட்டு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. “சரி, விட்டுச்சுன்னு நெனச்சேன் மேடம். நகம் முளைச்சு முன்னாடி வந்துச்சு, திரும்பவும் அதே எடத்துல சுருக்கு சுருக்குன்னு குத்த ஆரம்பிச்சிடுச்சு” என்றார். இந்த இரண்டாம் சுற்று தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. இதிலும் இரண்டு முறை மாத்திரை சாப்பிட்டிருந்தார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டியிருந்தார். நகத்தின் நடுவில் வி வடிவத்தில் ஒரு வெட்டும் இருந்தது. அப்படி வெட்டினால் நகம் நடுவை நோக்கி வளர்ந்து ஓரத்தை விட்டுவிடும் என்று உடன் வேலை செய்பவர் சொன்னாராம். இது பலர் நம்புகிற விஷயம். ஆனால் நகம் வளர்வது தோலுக்கு அடியில் இருக்கிற வேரிலிருந்து. முனையில் என்ன வடிவம் வெட்டினாலும் வேருக்குத் தெரியாது.

பரிசோதனை

நகத்தை ஒட்டிய சதை விளிம்பு வீங்கி, நகத்தின் மேல் கால்வாசி வரை ஏறிப் படர்ந்திருந்தது. அதன் முன்மூலையில் மாதுளை முத்து மாதிரி ஈரமான ஒரு சிவப்புச் சதை. பஞ்சு பட்டாலே ரத்தம் கசிந்தது. ஆறாத புண் தன்னை மூடிக்கொள்ள முயன்று மிகையாகக் கிளப்புகிற சதை அது. மெல்லிய, லேசாக வாடை அடிக்கிற கசிவும் இருந்தது.

இந்த மாதிரி விரலில் நான் முதலில் செய்கிற சோதனை மிக எளிது. வீங்கிய சதையை மேலிருந்து நகத்தின் பக்கமாக மெதுவாக அழுத்தினேன்: துள்ளிவிட்டார். பிறகு அதே சதையை நகத்திலிருந்து விலக்கி வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்தேன்: “இப்ப பரவால்ல மேடம்” என்றார். சதையை நகத்திலிருந்து விலக்கினால் வலி குறைகிறது என்றால், அங்கே ஏதோ குத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெறும் சீழ் என்றால் எந்தப் பக்கம் இழுத்தாலும் வலி குறையாது.

சிவப்பு விரலின் முன் மூட்டைத் தாண்டவில்லை. காய்ச்சல் இல்லை. பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும் நாடி நன்றாகத் துடித்தது. விரல் நுனியில் தொடு உணர்வு சரியாக இருந்தது. சர்க்கரை 104. பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. நகத்தில் ஊசி, கத்தி வைக்கும் முன் இவற்றைப் பார்த்தே ஆகவேண்டும். ரத்த ஓட்டம் குறைந்த காலிலும், சர்க்கரையால் உணர்விழந்த காலிலும் இதே சின்ன அறுவை ஆறாத புண்ணாகி விரலையே கொண்டுபோகலாம். அவர்களை முதலில் கால் ரத்த ஓட்டம் பார்க்கிற இடத்துக்கு அனுப்பவேண்டும்.

ஒரு எக்ஸ்ரேயும் எடுத்தோம். எல்லோருக்கும் இது தேவையில்லை. இவருக்குப் புண் பல மாதம் நீடித்திருந்தது. நகத்துக்கு அடியில் எலும்பு சில மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. சீழ் எலும்பு வரை போயிருக்கிறதா, எலும்பிலிருந்து ஏதாவது முளைத்து நகத்தை மேலே தள்ளுகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேவைப்பட்டது. எலும்பு சுத்தமாக இருந்தது.

மாத்திரைக்கு நோய் ஏன் நிற்கவில்லை

இவருக்கு இருந்தது சதைக்குள் இறங்கிய நகம். பிளேடால் மூலையைச் சரிவாக வெட்டும்போது, சதைக்கு அடியில் போகிற கடைசி ஓரம் பெரும்பாலும் வெட்டுப்படாமல் ஒரு கூர் முள்ளாக நின்றுவிடும். வெளியே பார்த்தால் மூலை அழகாக எடுபட்ட மாதிரி தெரியும். அதனால்தான் முதல் இரண்டு நாள் நிம்மதி. நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால் நகர்கிறது. முள்ளும் கூடவே நகர்ந்து பக்கத்துச் சதையைக் கிழிக்கிறது. ஷூவின் இரும்பு முனை சதையை முள்ளின் மேல் அழுத்துகிறது. 12 மணி நேர வியர்வை தோலை ஊறவைத்து இளக்குகிறது. கிழிந்த ஈரச் சதையில் தோலில் எப்போதும் வாழ்கிற கிருமிகள் குடியேறுகின்றன.

ஆக, கிருமி இரண்டாவதாக வந்த விருந்தாளிதான். ஆன்டிபயாடிக் கிருமியைக் குறைக்கும், வீக்கம் வற்றும், நோயாளிக்கு நம்பிக்கை வரும். முள் அங்கேயே இருப்பதால் ஒரு வாரத்தில் மறுபடி கிழியும். இவர் ஐந்து சுற்று மாத்திரை சாப்பிட்டும் நோய் நகரவில்லை என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. சிவப்பு விரலைத் தாண்டிப் பாதத்தில் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை போன்ற நோய் இருந்தாலோ மாத்திரை கட்டாயம் வேண்டும். இல்லாதபோது, முள்ளை எடுத்தால் மாத்திரை இல்லாமலே அந்தச் சீழ் அடங்குகிறது.

சரி, நகத்தையே முழுதாக எடுத்தார்களே, அப்புறம் ஏன் திரும்பியது? இரண்டு காரணம். முதலாவது, நகம் முளைக்கிற வேரை யாரும் தொடவில்லை. அதே அகலத்தில் அதே நகம் திரும்ப வரும். இரண்டாவது, கால் கட்டைவிரலின் நுனிச் சதையைக் கீழே அமுக்கிப் பிடித்திருப்பது நகம்தான். நகம் இல்லாத மாதங்களில், நடக்கும்போதெல்லாம் அந்தச் சதை மேல்நோக்கித் தள்ளப்பட்டு முன்னால் ஒரு மேடாக எழுந்துவிடும். புது நகம் பின்னாலிருந்து வந்து அந்த மேட்டில் முட்டும். கால் கட்டைவிரல் நகம் முழுதாக முளைக்க ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம் ஆகும். இவருக்கு ஏழெட்டு மாதத்தில், நகம் மூலைக்கு நெருங்கிய நேரத்தில், வலி திரும்பியது இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. நகத்தை மட்டும் முழுதாகப் பிடுங்கிவிட்டு வேரை விட்டால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பும். அவசரத்துக்குச் சீழை வடிக்க அது உதவும்; நிரந்தரத் தீர்வாக அதைச் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நல்லபடி இருக்கிற நகத்தில் ஐந்தில் நான்கு பங்கையும் சேர்த்து எதற்காக இழக்கவேண்டும்?

செய்தது

குத்துகிற பக்கம் மட்டும் நகத்தை ஒரு பட்டையாக எடுத்து, அந்தப் பட்டை முளைக்கிற வேரின் மூலையை ஃபீனால் என்ற ரசாயனம் வைத்துச் சுட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். மிதமான நிலை என்றால் கத்தி இல்லாமலே பார்த்திருப்பேன். இவருக்குச் சதை கிளம்பி நகத்தின் மேல் ஏறிவிட்டது. ஒருமுறை எடுத்தும் திரும்பியிருக்கிறது. இந்த நிலையில் நகத்தின் மூலைக்கு அடியில் பஞ்சு வைத்துப் பார்ப்பது இன்னும் சில மாத வலிக்குத்தான் வழி.

அட்ரினலின் கலக்காத 2 சதவீத லிக்னோகெயின், மொத்தம் 4 மில்லி, விரலின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் போட்டேன். வீங்கி வலிக்கிற இடத்திலேயே ஊசி குத்துவது கொடுமை. அங்கே மருந்தும் சரியாக வேலை செய்யாது. நரம்புகள் ஓடுகிற விரலின் வேரில் போட்டால் முழு விரலும் மரக்கும். அவசரப்படாமல் பத்து நிமிடம் காத்திருக்கவேண்டும். நுனியைக் கிள்ளி, வலி இல்லை என்று அவர் சொன்னபிறகுதான் தொட்டேன்.

விரலின் அடியில் ரப்பர் கட்டு ஒன்று போட்டு ரத்தத்தை நிறுத்தினோம். ஃபீனால் ரத்தத்தோடு கலந்தால் நீர்த்துப்போய் வேரைச் சுடாது, எனவே இடம் உலர்ந்திருக்கவேண்டும். அந்த ரப்பரின் மேல் எப்போதும் ஒரு பெரிய ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை மாட்டித் தொங்கவிடுவேன். மெல்லிய ரப்பரை மட்டும் போட்டுவிட்டு மறந்து, மேலே கட்டுப் போட்டு அனுப்பி, விரல் கறுத்துப்போன நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. ஒரு கனத்த கருவி தொங்கிக்கொண்டிருந்தால் யாரும் மறக்கமுடியாது.

நகத்தின் ஓரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் பட்டையைத் தட்டையான கருவியால் அடியிலிருந்து பிரித்து, முனையிலிருந்து நேராக வெட்டி, பின்தோலுக்கு அடியில் வேர் வரை கொண்டுபோனேன். பட்டையை நீளவாக்கில் பிடித்து, நகத்தின் நடுப்பக்கமாகச் சுருட்டியபடி இழுத்தால் முழுதாக வரும். வந்த துண்டின் பின்முனை தேய்ந்த வெண்மையான விளிம்போடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிய்ந்து பாதி வந்திருந்தால் மீதி உள்ளே இருக்கிறது. இவருடைய துண்டின் முன்மூலையில் சுமார் 4 மில்லிமீட்டர் நீள முள் ஒன்று இருந்தது. கண்ணாடித் தட்டில் வைத்து அவருக்கும் அவர் அம்மாவுக்கும் காட்டினேன். “இத்துக்கா இம்மாம் வலி?” என்று அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். அடியில் இருந்த சிவப்புச் சதையைச் சுரண்டி எடுத்தேன்.

அடுத்தது ஃபீனால். 88 சதவீதக் கரைசல். தோலில் பட்டாலே வெந்துவிடும். சுற்றியுள்ள தோலுக்கு வாஸ்லைன் பூசி, மெல்லிய பஞ்சுக் குச்சியில் சொட்டாத அளவுக்குத் தொட்டு, பின்தோலுக்கு அடியில் இருக்கும் வேரின் மூலையில் ஒரு நிமிடம் தேய்த்தேன். குச்சியை மாற்றி, மொத்தம் மூன்று முறை. வேரின் அந்த மூலை பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு கொம்பு மாதிரி நீண்டு ஒளிந்திருக்கும். நோய் திரும்புகிறவர்களில் பலருக்கு அந்த மூலையைத்தான் தவறவிட்டிருப்பார்கள். பிறகு ஸ்பிரிட்டால் நன்றாகக் கழுவி, ரப்பர் கட்டை எடுத்து, விரல் திரும்ப இளஞ்சிவப்பாவதைப் பார்த்துவிட்டுக் கட்டுப் போட்டோம். தையல் கிடையாது. ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. பாராசிட்டமால் மட்டும். டி.டி. ஊசி ஏற்கெனவே போட்டிருந்தார். சுரண்டி எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, ஆனால் முள் போனபிறகும் சில வாரங்களில் அது வற்றாமல் திரும்ப வளர்ந்தால் கட்டாயம் அனுப்பியிருப்பேன். நிறமில்லாத மெலனோமா என்ற தோல் புற்று அரிதாக இதே மாதிரி சிவப்புச் சதையாக வரும். அதற்கு வயது வரம்பு கிடையாது.

ஃபீனால் நரம்பு நுனிகளையும் மரக்கச் செய்வதால் அன்றிரவு அவர் நன்றாகவே தூங்கினார். ஆறாவது நாள்தான் பதறிப்போய் போன் செய்தார்: கட்டு நனைந்துகொண்டே இருக்கிறது, சீழ் பிடித்துவிட்டது போல. இது எதிர்பார்த்ததுதான். ஃபீனால் செய்வது ஒரு ரசாயனச் சூடு. சுட்ட புண்ணிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரம் வரை தண்ணீர் மாதிரியோ இளமஞ்சளாகவோ கசியும். கேட்டது ஒரே கேள்விதான்: “தம்பி, வலி நேத்தைவிட இன்னைக்குக் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?” குறைந்துகொண்டே வருகிறது என்றார். கசிவு இருந்தும் வலி குறைகிறது என்றால் புண் ஆறுகிறது. மூன்று நாளுக்குப் பிறகு வலி கூடினாலோ, சிவப்பு பாதத்தின் பக்கம் ஏறினாலோ, கெட்டியான சீழ் வந்தாலோதான் கிருமித் தொற்று. தினம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துடைத்து, புதுக் கட்டுப் போடச் சொன்னேன்.

கடினமான பகுதி மருத்துவத்தில் இல்லை, ஷூவில் இருந்தது. அந்த இரும்பு முனை ஷூவைப் போட்டால் புண் ஆறாது. போடாமல் யார்டுக்குள் போகமுடியாது. இரண்டு வாரம் கேட்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து பதிவு எழுதுகிற வேலை தரும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டார். ஷூவின் அளவையும் பார்த்தோம். காண்ட்ராக்டர் கையிருப்பில் இருந்த 8ஐக் கொடுத்திருக்கிறார். சாயங்காலம், கால் நன்றாக வீங்கியிருக்கிற நேரத்தில், காகிதத்தில் பாதத்தை வரைந்து அளந்தபோது 9 தேவைப்பட்டது. தோல் ஷூவாவது நாளடைவில் தளரும்; இரும்பு முனை தளராது. நின்ற நிலையில் மிக நீளமான விரலுக்கும் ஷூவின் உள்முனைக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடம் இருக்கவேண்டும்.

அம்மாவின் விரல்

முதல் நாளே, மகனைக் கட்டிலில் ஏற்றிவிட்டு மரக்கக் காத்திருந்த நேரத்தில், அந்தத் துணிச் சுற்றைப் பற்றிக் கேட்டேன். “அத்த வுடு டாக்டரம்மா, நகச்சுத்தி, எலுமிச்சம்பழம் சொருவி வெச்சிருக்கேன்” என்றார். நான்கு நாளைக்கு முன் சங்கரா மீனின் செதில் எடுக்கும்போது துடுப்பு முள் நகத்தின் ஓரத்தில் ஏறியிருக்கிறது. அடுத்த நாள் சிவப்பு, மூன்றாம் நாள் விண்விண் என்று தெறிக்கிற வலி.

எலுமிச்சையை எடுத்துப் பார்த்தால் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. இதுதான் அதில் எனக்கிருக்கிற குறை: சீழ் எங்கே நிற்கிறது என்பதைத் தோலின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும், எலுமிச்சை அதை மறைத்துவிடுகிறது. கழுவித் துடைத்து, கட்டைவிரலின் அடிச்சதையை ஆள்காட்டி விரலோடு லேசாக அழுத்தச் சொன்னேன். நகத்தின் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுத்துத் தெரிந்தது. அங்கே சீழ் தேங்கியிருக்கிறது.

மகனுக்கு நகம் குற்றவாளி, அம்மாவுக்கு நகத்தில் ஒரு கோளாறும் இல்லை. முள் குத்திய வழியாகக் கிருமி போய், நகத்துக்கும் சதை விளிம்புக்கும் நடுவே சீழ் கட்டியிருக்கிறது. அதை வெளியே விட்டால் முடிந்தது. ஒன்றிரண்டு நாளில், சீழ் கட்டாமல் சிவப்பு மட்டும் இருக்கிற நிலையில் வந்திருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடமாக ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை ஊறவைத்தாலே பலருக்கு அடங்கிவிடும். சீழ் கட்டியபிறகு ஊறவைத்துக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

விரலை மரக்க வைத்து, தட்டையான கருவியை நகத்தின் மேல்பரப்போடு ஒட்டியபடியே நுழைத்து, சதை விளிம்பை நகத்திலிருந்து தூக்கினேன். தோலில் வெட்டே போடவில்லை. சீழ் கொட்டியது, வலி அங்கேயே பாதி போய்விட்டது. விளிம்பு உடனே ஒட்டி மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு சிறிய காஸ் திரியை ஒரு நாள் வைத்தோம்.

சீழை வடித்தபிறகு ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. இவருக்கு வயது 46, சர்க்கரை பார்த்ததே இல்லை என்றார். குத்திப் பார்த்தால் 268. பிறகு செய்த மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் 9.1. ஆகவே செஃபலெக்சின் 500 மில்லிகிராம், நாளுக்கு நான்கு வேளை, ஐந்து நாள். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது, அந்த மருந்துக்கு அடங்குகிற வகை. ஐந்து சுற்று மாத்திரை சாப்பிட்ட மகனுக்கு அது தேவைப்படவில்லை, எலுமிச்சையோடு நின்றுவிட்ட அம்மாவுக்குத் தேவைப்பட்டது.

மீன் வேலை செய்கிறவர்களின் விரலில் இன்னும் சிலவற்றை மனதில் வைக்கவேண்டும். சீழே இல்லாமல், ஊதாச் சிவப்பாக, தெளிவான எல்லையோடு விரலில் மெல்லப் பரவி, பார்ப்பதற்கு இருப்பதைவிட அதிகமாக எரிந்தால் அது எரிசிபெலாய்ட். மீனிலும் இறைச்சியிலும் இருக்கிற ஒரு கிருமியால் வருவது. அதைக் கிழித்தால் எதுவும் வராது. பென்சிலின் வகை மருந்துக்கு நன்றாக அடங்கும். சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக இருந்தால் ஹெர்பிஸ், அதையும் கிழிக்கக்கூடாது. கடல்நீர் பட்ட காயம் சில மணி நேரத்தில் கை முழுவதும் சிவந்து, கறுத்த கொப்புளம் கிளம்பி, காய்ச்சலும் வந்தால், குறிப்பாகக் கல்லீரல் நோயோ சர்க்கரையோ இருப்பவர்களுக்கு, அது உயிரைக் குடிக்கிற விப்ரியோ தொற்றாக இருக்கலாம். அப்போது கிளினிக்கில் நேரம் கடத்தாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. விரலின் அடிச்சதை முழுவதும் கெட்டியாகி விண்ணென்று தெறித்தாலும், விரலை நீட்டவே முடியாமல் மடிந்து நின்றாலும் அப்படித்தான். சீழ் ஆழமான அறைகளுக்குள் போயிருக்கிறது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கை அறுவைக்கென்றே தனித்துறை இருப்பது வடசென்னைக்காரர்களுக்குப் பெரிய பலம்.

அவருடைய மற்ற விரல்களையும் பார்த்தேன். வலது கை ஆள்காட்டி, நடுவிரல்களில் நகத்தின் அடியை மூடியிருக்கவேண்டிய மெல்லிய தோல் காணாமல்போய், விளிம்பு உப்பி, நகத்தில் குறுக்குக் கோடுகள் விழுந்திருந்தன. வலி அதிகமில்லை, “அது எப்பவும் அப்படித்தான்” என்றார். ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கிற இந்த வகை, நாள் முழுவதும் ஐஸ் தண்ணீரிலும் மீன் சாற்றிலும் கை ஊறுவதால் தோல் அழன்று வருவது. பூஞ்சை பின்னால் வந்து சேர்கிறது. பூஞ்சைக் களிம்பு மட்டும் மாதக்கணக்கில் போட்டுப் பலனில்லாமல் வருகிறவர்கள் நிறைய. ஈரத்தை நிறுத்துவதும், அழற்சியைக் குறைக்கச் சில வாரம் ஸ்டீராய்டு களிம்பும்தான் முக்கியம். வெறும் ரப்பர் கையுறைக்குள் கை வியர்த்து ஊறும் என்பதால் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, நனைந்ததும் மாற்றச் சொன்னேன். வஞ்சிரத்தைக் கையுறையோடு துண்டு போட முடிகிறது, இறால் உரிக்க முடியவில்லை என்று அடுத்த முறை வந்து சொன்னார். முடிந்த வேலைக்காவது போடட்டும். இறால் உரிப்பதை மகள் பார்த்துக்கொள்கிறாள்.

இடது கால்

மகனின் வலது கால் நான்கு வாரத்தில் மூடியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நகம் ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் குறுகலாக, நேர் ஓரத்தோடு, வலியில்லாமல் இருந்தது. இந்த முறையிலும் நூறில் சிலருக்கு வேரின் ஒளிந்த மூலையிலிருந்து ஒரு நூல் நகம் திரும்ப முளைக்கும். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தெரிந்துவிடும். ஆகவே வருடம் முடியும்போது ஒருமுறை வரச் சொல்லியிருந்தேன்.

அதற்கு முன்பே வந்தார், இடது காலுக்காக. பழைய ஷூவின் விளைவுதான். கட்டைவிரலின் அதே மூலையில் லேசான சிவப்பு, தொட்டால் வலி, கசிவு இல்லை. “பிளேடு எடுக்கல மேடம், நேரா இங்க வந்துட்டேன்” என்றார். இந்த நிலையில் கத்தி தேவையில்லை. பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து நகத்தையும் சதையையும் இளக்கினோம். பிறகு, அரிசி அளவு பஞ்சை நூல் மாதிரித் திரித்து, நகத்தின் மூலையை மெல்லத் தூக்கி அதன் அடியில் நுழைத்தேன். மூலை சதையைத் தொடாமல் மேலே ஏறி நின்றது. சதை விளிம்பின் மேல் ஒட்டுப் பட்டையின் ஒரு முனையை ஒட்டி, சதையை நகத்திலிருந்து விலகும்படி கீழ்ப்பக்கமாக இழுத்து, விரலின் அடியில் சாய்வாகச் சுற்றி மறுமுனையை ஒட்டினோம். விரலை முழுவதும் இறுக்கிச் சுற்றக்கூடாது, ரத்தம் நின்றுவிடும். நம் ஊர் வியர்வையில் பட்டை அரை நாளில் கழன்றுவிடுகிறது; ஆகவே குளித்து உலர்த்தியதும் ஒருமுறை, வேலை முடிந்து வந்ததும் ஒருமுறை மாற்றவேண்டும். பஞ்சைத் தினமும் மாற்றக் கற்றுக்கொடுத்தேன். ஈரப் பஞ்சு உள்ளேயே கிடந்தால் அதுவே புண்ணாக்கும்.

இதை நகத்தின் மூலை சதையின் முன்விளிம்பைத் தாண்டி வெளியே வரும்வரை செய்யவேண்டும். மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்ற கணக்கில் இவருக்கு இரண்டு மாதம் போல ஆனது. நடுவில் ஒருமுறை சிவப்பு கூடியது. பார்த்தால் பஞ்சு மூலைக்குப் போகாமல் நடுவிலேயே நின்றிருந்தது, சரியான இடத்தில் வைத்ததும் அடங்கியது. இப்போது நகவெட்டியால் நேராக வெட்டுகிறார், மூலை விரல் சதைக்குச் சமமாக நிற்கிற நீளத்துக்கு. கூராகத் தெரிந்தால் மூலையை அரத்தால் லேசாக மழுக்குவதோடு சரி. அம்மாவின் மூன்று மாதச் சராசரி 7.4க்கு இறங்கியிருக்கிறது.